பாட்டி சொன்ன இல்லவும் மருமக சொன்ன இலவும்

போன லீவுக்கு தங்கச்சி இங்கிலாந்துல இருந்து வந்திருந்தா, கூடவே என் மருமக, பதினோரு வயசு. அவளுக்குத் தமிழ் புரியும், பேசவும் செய்வா, ஆனா அவ பேசுறது எங்க அம்மாவுக்குப் பாதிதான் புரியும். ஒருநாள் தக்கலை வீட்ல விருந்துக்காரங்க வாறாங்கன்னு அம்மா அவள முக்குக் கடைக்கு வாழ எல வாங்க அனுப்பினாங்க. கடையில எல தீந்து போச்சு. பிள்ள ஓடி வந்து மூச்சு வாங்க சொன்னா, "பாட்டி, கடையில வாழ எல இல." அம்மா அடுப்புல இருந்து திரும்பாமலே, "ஆமா மக்களே, எலதான் கேட்டேன், எங்க வச்ச?" இவ மறுபடியும் "இல பாட்டி, இல"ங்கா, அம்மா "அதத்தான் பிள்ள கேக்கேன், எங்க?"ங்காங்க. ரெண்டு நிமிஷம் இப்படியே போச்சு. நான் சிரிச்சு முடிச்சிட்டு நடுவுல போய் "இல்லன்னு சொல்றாம்மா"ன்னேன். பிள்ளைக்கு அழுகை வந்திடுச்சு, அதுதான் எனக்கு மனசுல நின்னுது.

அவ தப்பா எதுவும் சொல்லல, ஒரு ல்-ல தின்னுட்டா, அவ்ளோதான். இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்குள்ள மெய்யெழுத்த ஒத்தையாச் சொல்றோமா ரெட்டையாச் சொல்றோமாங்கிறது அர்த்தத்த மாத்தாது, அதனால அந்த நீளத்தக் கவனிக்க அவ காதுக்குப் பழக்கம் இல்ல. நமக்கோ எலையும் இல்லயும், படுவும் பட்டும், பல்லும் பாலும் எல்லாம் பெரும்பாலும் நீளத்துலதான் பிரியுது. சரி, நமக்குத்தான் கொஞ்சம் புரோகிராமிங் தெரியுமே, பாட்டி குரல ரெக்கார்ட் பண்ணி, அதக் கேட்டு இவ திருப்பிச் சொன்னா ரெண்டையும் ஒப்பிட்டு மார்க் போடுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுப்போம்னு நெனச்சேன். ரெண்டு நாள் வேலைன்னு நெனச்சது அவ ஊருக்குக் கெளம்புற வாரம் வரைக்கும் இழுத்துச்சு.

## ரெண்டு பஸ்

ரெண்டு பேர் ஒரே வாக்கியத்தச் சொன்னா நேரம் ஒத்துப் போகாது. அம்மா "கடையில வாழ எல இல்ல"ன்னு சொல்ல 1.62 செகண்ட், மருமகளுக்கு 2.35. ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தா அம்மா இல்லன்னு முடிக்கும்போது இவ வாழயில நிப்பா. இதுக்குன்னே இருக்கிற பழைய வித்தைதான் டைனமிக் டைம் வார்ப்பிங். தக்கலையில இருந்து நாகர்கோவிலுக்கு ரெண்டு பஸ் போகுதுன்னு வைங்க. ரெண்டும் வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் வழியாத்தான் போகும், ஆனா ஒண்ணு வில்லுக்குறியில பத்து நிமிஷம் நிக்கும், இன்னொண்ணு நிக்காமலே போகும். மணியப் பாத்து ஒப்பிடாம, ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஒப்பிட்டா ரெண்டும் ஒரே ரூட்டுன்னு தெரியும் இல்லயா, அதேதான் இது.

செய்முறை என்னன்னா, ஒலிய 10 மில்லி செகண்டுக்கு ஒண்ணா பிரேம் பிரேமா வெட்டணும் (ஒவ்வொரு பிரேமும் பாக்குறது 25 மில்லி செகண்ட் ஜன்னல்), ஒவ்வொரு பிரேமுக்கும் எம்எஃப்சிசின்னு பன்னெண்டு பதிமூணு எண் எடுக்கணும், அந்த நேரத்துல வாய் எந்த வடிவத்துல இருந்துச்சுங்கிறதோட சுருக்கம்னு வச்சுக்கலாம். அம்மாவுக்கு 162 பிரேம், பிள்ளைக்கு 235. ஒரு பக்கம் 162, இன்னொரு பக்கம் 235 போட்டு பெரிய கட்டம் வரைஞ்சா, ஒவ்வொரு கட்டத்துலயும் அந்த ரெண்டு பிரேமும் எவ்ளோ வித்தியாசம்னு ஒரு எண் விழும். கீழ் மூலையில ஆரம்பிச்சு மேல் மூலைக்குப் போகணும், பின்னால வரக்கூடாது, தாண்டிக் குதிக்கக்கூடாது, ஒவ்வொரு அடியும் மேலயோ பக்கவாட்டுலயோ மூலைவிட்டமாவோதான். அப்படிப் போற எல்லாப் பாதையிலயும் மொத்தச் செலவு கம்மியா இருக்கிற பாதையக் கண்டுபிடிக்கிறதுதான் கணக்கு, d-ங்கிறது அந்தக் கட்டத்துல விழுந்த வித்தியாசம், D-ங்கிறது அது வரைக்குமான மொத்தச் செலவு:

```
D(i,j) = d(i,j) + min( D(i-1,j), D(i,j-1), D(i-1,j-1) )
```

கடைசி மூலையில நிக்கிற எண்ண பாதையோட நீளத்தால வகுத்தா ஒரு அடிக்கு சராசரி எவ்ளோ வித்தியாசம்னு வரும். கம்மியா இருந்தா நல்ல உச்சரிப்பு, கூட இருந்தா மோசம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

## எனக்கு பெயில் மார்க்கு

மழை நிக்கிற நேரம் பாத்து (தகர ஷீட் மேல மழை விழுந்தா அம்மா குரலே கேக்காது) மூணு பேரும் ரெக்கார்ட் பண்ணினோம். அம்மா பேசினது மாதிரிக்கு, பிள்ள கத்துக்கிறவ, நான் சும்மா சோதனைக்கு. நான் பொறந்தது வளந்தது எல்லாம் இந்த ஊருதான், எனக்கு நல்ல மார்க் வந்தா புரோகிராம் சரின்னு அர்த்தம். அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல செலவு 52, அம்மாவுக்கும் மருமகளுக்கும் 44. அதாவது இலன்னு சொன்னவ பாஸ், சரியாச் சொன்ன நான் அவள விட மோசம். பிள்ளைக்கு ஒரே குஷி. "மாமா, யூ நீட் ப்ராக்டிஸ்"ன்னு வேற சொன்னா.

மொதல்ல மைக்க சந்தேகப்பட்டேன். அம்மாவும் பிள்ளையும் ஒரே போன்ல பேசினாங்க, நான் லேப்டாப்ல. மைக் மாறினா எல்லா பிரேம்லயும் ஒரே மாதிரி ஒரு சாய்வு ஏறிடும், அத எடுக்க ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் அதோட சராசரியக் கழிச்சா போதும், அதச் செஞ்சேன். சத்தம் கூடக் கொறைய இருக்கிறது மொத எண்லதான் பெரும்பாலும் உக்காந்திருக்கும், அதையும் தூக்கிட்டேன். இப்போ எனக்கு 36, பிள்ளைக்கு 31. ரெண்டும் எறங்கிச்சு, ஆனா வரிசை மாறல. அப்புறம்தான் உறைச்சுது, என் தொண்டையும் வாயும் ஆம்பள நீளம், அம்மாவோடது வேற, பதினோரு வயசுப் பிள்ளையோடது இன்னும் சின்னது. நான் ஆன்னு சொன்னாலும் அம்மா ஆன்னு சொன்னாலும் காதுக்கு ஒரே ஆ, எம்எஃப்சிசிக்கு ரெண்டு வேற வேற ஆ. இந்த ஆள் வித்தியாசம் ஒவ்வொரு பிரேம்லயும் செலவா ஏறுது, வாக்கியம் பூரா. அதாவது இந்த எண் யாரு பேசுறாங்கங்கிறத அளக்குது, எப்படிப் பேசுறாங்கங்கிறத அதுக்கு அடியில எங்கயோ கொஞ்சம் அளக்குது.

அப்போ ஒரே ஆள ஒப்பிட்டா? பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு, "இல்"ன்னு நாக்க மேல ஒட்டி வச்சுக்கோ, விடாத, இப்போ "ல"ன்னு விடுன்னு சொல்லிக் குடுத்து, பத்து தடவ தப்புக்குப் பெறகு அவ ஒரு தடவ சுத்தமா இல்லன்னு சொன்னா. அம்மாவே "கொள்ளாம் மக்களே"ன்னாங்க. அத அம்மா ரெக்கார்டிங்கோட ஓட்டினேன். 30. தப்பாச் சொன்னப்போ 31, சரியாச் சொன்னப்போ 30. அவளே ஒரே வாக்கியத்த ரெண்டு தடவ சொன்னா அதுலயே ஒண்ணு ஒண்ணரை ஏறும் எறங்கும், அதுக்குள்ள இந்த ஒண்ணு எங்க தெரியப் போகுது. பாட்டிக்கு தலைகீழா மாறிப் போன அர்த்தம், கணக்குக்கு ஒண்ணுமே இல்ல.

## கழிச்சுப் போட்டது எங்க போச்சு

ரெண்டு நாள் அத மூடி வச்சிட்டேன். ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்த நேரம் தூக்கம் வராம, மார்க்க விட்டுட்டு பாதைய மட்டும் படமா வரைஞ்சு பாத்தேன், அதுவரைக்கும் நான் பாதைய ஒரு தடவ கூடப் பாக்கல. மூலைக்கு மூலை கோணலா ஒரு கோடு ஏறிட்டே போகுது, கடைசியில இல்லங்கிற இடத்துல மட்டும் மத்த இடத்துக்கு ஒட்டாத ஒரு வளைவு. அம்மா பக்கம் பதினெட்டு பிரேம் நகருது, பிள்ள பக்கம் ஒம்போதுதான் நகருது. அம்மாவோட நீட்டமான ல்ல முழுசையும் பிள்ளையோட குட்டி ல-வுக்குள்ள மடிச்சு வச்சிருக்கு. ல-ங்கிற ஒலி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே, அதனால அங்க எத்தன பிரேம மடிச்சாலும் சராசரிச் செலவு ஏறாது. வில்லுக்குறியில பத்து நிமிஷம் நின்ன பஸ்ஸும் நிக்காத பஸ்ஸும் ஒரே ரூட்டுதான்னு அது கரெக்டாச் சொல்லிடுச்சு, நான் கேக்க வேண்டியது எவ்ளோ நேரம் நின்னுதுங்கிறத.

யோசிச்சா இது அந்தக் கணக்கோட குத்தமே இல்ல. பேச்சுக்கு இந்த மாதிரி டைனமிக் புரோகிராமிங்க 1968-லயே உக்ரைன்ல வின்ட்சியுக் சொன்னாரு, எல்லாரும் கை காட்டுற சகோயே - சிபா கட்டுரை 1978-ல வந்துச்சு, அதோட தலைப்புலயே பேசின வார்த்தைய அடையாளம் கண்டுபிடிக்கிறதுக்குன்னு இருக்கு. அவங்களுக்கு வேண்டியது, ஒருத்தன் வேகமாச் சொன்னாலும் மெதுவாச் சொன்னாலும் ஒரே வார்த்தைன்னு மெஷின் புரிஞ்சுக்கணும். அதுக்கு நீள வித்தியாசம்ங்கிறது குப்பை, கழிச்சுக் கட்ட வேண்டிய விஷயம். கத்துக்கிற பிள்ளையோட தப்பு உக்காந்திருக்கிறதே அந்தக் குப்பையிலதான். ஆனா கழிச்சத அது தூக்கி எறியல, பாதையோட வளைவுல அப்படியே எழுதி வச்சிருக்கு. செலவு ஒரு எண், பாதை இன்னொரு விஷயம், நான் பாதைய உதறிட்டு எண்ணப் புடிச்சுத் தொங்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் வேலை சுலபம்தான். அம்மா ரெக்கார்டிங்க Praat-ங்கிற பேச்சொலி ஆராயுற மென்பொருள்ல தெறந்து, எல-ல வர்ற ல எந்த பிரேம்ல ஆரம்பிச்சு எதுல முடியுது, இல்ல-ல வர்ற ல்ல எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கையாலயே குறிச்சேன். மாதிரிக்கு ஒரு தடவ குறிச்சா போதும், கத்துக்கிறவங்க பக்கம் பாதையே கொண்டு போய்க் காட்டிடும். அம்மாவோட ல 101-ல இருந்து 107 வரைக்கும், ஏழு பிரேம். ல்ல 131-ல இருந்து 148, பதினெட்டு.

```python
D, wp = librosa.sequence.dtw(X=paatti, Y=marumaga)
wp = wp[::-1]          # பாதை கடைசியில இருந்து வரும், திருப்பணும்
ll = wp[(wp[:,0] >= 131) & (wp[:,0] <= 148)]
print(ll[-1,1] - ll[0,1] + 1)
```

அந்த `wp[::-1]` மறந்து போய் மைனஸ்ல நீளம் வந்து ஒரு மணி நேரம் முழிச்சது தனிக் கதை.

பிள்ளையோட தப்பான ரெக்கார்டிங்ல எல-வோட ல பத்து பிரேம், இல்ல-வோட ல்ல ஒம்போது. அவ மெதுவாப் பேசுறதால ல அம்மாவோடத விட நீளம், ஆனா ல்ல அம்மாவோடதுல பாதி. பிரேம் எண்ணிக்கைய நேரா வச்சு தீர்ப்பு சொன்னா பேசுற வேகம் உள்ள பூந்து குழப்பும், அதனால ஒரே ஆளோட ரெண்டையும் வகுத்தேன், ல்ல-வ ல-வால. அம்மாவுக்கு 18-ஐ 7-ஆல வகுத்தா 2.6. எனக்கு 15-ம் 6-ம், 2.5. பிள்ளைக்கு 0.9. அவளுக்கு ரெண்டும் ஒரே எழுத்து, எலயும் இல்லயும் ஒண்ணா இருக்கிற வாக்கியம் தற்செயலா அமைஞ்சதால அது இவ்ளோ பளிச்சுன்னு தெரிஞ்சுது. அந்தக் கொள்ளாம் வாங்கின ரெக்கார்டிங்ல 25-ம் 11-ம், 2.3. மார்க்குல 31-ம் 30-மா நின்னது இங்க 0.9-ம் 2.3-மா நிக்குது. என் ஆம்பளக் குரலும் இப்போ பாஸ், அதச் சொல்லிக் காட்டாம விடுவேனா.

ஒரு விஷயம், இந்தப் பாதை அந்த ல-வுக்கு உள்ள எந்த பிரேம எதோட ஜோடி சேக்குதுங்கிறதுல அர்த்தம் தேடக்கூடாது. உள்ள எல்லாம் ஒரே மாதிரி ஒலி, அது எப்படி வேணா நெளியும். நம்ப வேண்டியது ரெண்டு ஓரத்த மட்டும், உயிர்ல இருந்து ல்-லுக்குள்ள போற இடமும் ல்-ல இருந்து வெளிய வர்ற இடமும், அங்க ஒலி சட்டுன்னு மாறுறதால பாதை ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். அப்பவும் ஒண்ணு ரெண்டு பிரேம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். ஒம்போதா இருவத்தஞ்சாங்கிறதுக்கு அது பரவால்ல, ஒம்போதா பதினொண்ணாங்கிறதுக்கு இத நம்பி பிள்ளையத் திட்டக்கூடாது.

## பாதையும் பொய் சொல்லும்

அடுத்த நாள் அவ அவசரத்துல "கடையில எல இல்ல"ன்னு வாழய விட்டுட்டுச் சொன்னா. புரோகிராம் அசரவே இல்ல, வாழ-வுக்கும் ஒரு நீளம் குடுத்துச்சு, மூணு பிரேம்னு. ஏன்னா ரெண்டு மூலையும் கட்டிப் போட்டிருக்கு, நடுவுல எதையும் தாண்டக்கூடாதுங்கிறது சட்டம், அதனால அம்மாவோட வாழ முழுசையும் பிள்ளையோட வாய் மூடித் தெறக்கிற மூணு பிரேம் மேல கொண்டு போய்க் குமிச்சிடுச்சு. வகையில்லாத கேள்விக்கும் இது பதில் சொல்லாம இருக்காது. கண்டுபிடிக்க வழி, இங்கதான் செலவு உபயோகப்படுது, வாக்கியம் முழுசோட சராசரியா பாக்காம அந்த எடத்துல மட்டும் பாத்தா. ல்ல மடிஞ்ச எடத்துல செலவு அக்கம்பக்கம் மாதிரியேதான் இருந்துச்சு, ஒலி சரி நீளம் மட்டும் தப்புன்னு அர்த்தம். வாழ மடிஞ்ச எடத்துல செலவு அக்கம்பக்கத்தப் போல ரெண்டு மடங்குக்கு மேல எகிறி நின்னுது, அங்க நீளக் கணக்கே செல்லாது, "ஒரு வார்த்தைய விட்டுட்ட"ன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்தணும்.

ஆபீஸ்ல கூட வேலை செய்யிற ஒருத்தர்கிட்ட சொன்னப்போ, பாதை இப்படி மடியாம இருக்க சாய்வுக்கு ஒரு கட்டுப்பாடு போடலாமே, சகோயே - சிபாவே அதச் சொல்லியிருக்காங்களேன்னாரு. போட்டும் பாத்தேன். ஒரு மூலைவிட்ட அடி வைக்காம நேரா ரெண்டு அடி வைக்கக் கூடாதுன்னா, பாதையால ரெண்டுக்கு ஒண்ணு வரைக்கும்தான் மடிக்க முடியும். அம்மாவோட 18-க்கு பிள்ளையோட 9 மயிரிழையில தப்பிச்சுது, ஆனா அவ இன்னும் சின்னதா ஆறு பிரேம்ல சொன்ன ஒரு ரெக்கார்டிங்ல, பாதை பக்கத்து உயிர்ல இருந்து மூணு பிரேமக் கடன் வாங்கி ஒம்போதுன்னு காட்டிச்சு. வார்த்தையக் கண்டுபிடிக்க அந்தக் கட்டுப்பாடு நல்லது, கண்ட வார்த்தையோடயும் ஒட்டிக்காது. தப்போட அளவ அளக்கிறவனுக்கு அது அளவுகோலையே வளைச்சுக் குடுக்குற மாதிரி. எடுத்திட்டேன். பாதை மூலைவிட்டத்த விட்டு ரொம்ப விலகக் கூடாதுன்னு போடுற பட்டையும் அதே கதைதான், பிள்ள நடுவுல யோசிச்சு அர செகண்ட் நின்னாலே அம்பது பிரேம், குறுகின பட்டைக்குள்ள அது அடங்காது.

ழ-வ இதால ஒண்ணும் செய்ய முடியல, அதயும் சொல்லிடுறேன். வாழ-ய அவ வாளக்கும் வாலக்கும் நடுவுல ஏதோ சொல்றா. அது நீளத் தப்பு இல்ல, அதனால பாதையில தெரியாது, செலவுலதான் தெரியணும், செலவுல பக்கத்து ஆ-வோட ஆள் வித்தியாசம் அதவிடப் பெருசா நிக்குது. அதுக்கு இப்போதைக்கு அம்மா காதுதான் மெஷின்.

கடைசியில பிள்ளைக்கு நான் எண் எதுவும் காட்டல. ரெண்டு பட்டை, மேல பாட்டியோட ல்ல, கீழ அவளோடது, அவ வேகத்துக்கு ஏத்த மாதிரி சரிக்கட்டி. கீழ உள்ளது சின்னதா இருந்தா செவப்பு. ஒரு சாயங்காலத்துல புடிச்சிட்டா. புடிச்சதும் வெளையாட்டாகிப் போச்சு, பட்டைய மேல உள்ளத விட நீளமாக்கிக் காட்டுறேன்னு "இல்ல்ல்ல்ல்ல"ன்னு அறுவது பிரேமுக்கு இழுத்தா. நான் முன்யோசனையா ல்ல அவளோட ல-வ விட நாலு மடங்குக்கு மேல போனா அதுவும் செவப்புன்னு வச்சிருந்தேன், செவந்திடுச்சு. "பாரு, இது தப்பு"ன்னேன். திண்ணையில பயறு ஒடச்சிட்டு இருந்த அம்மா தலையத் தூக்கி, "என்ன தப்பு? மீன்காரன் சாள நாப்பது ரூவா கூடச் சொன்னா நான் அப்படித்தான் சொல்லுவேன்"ன்னாங்க. மறுபடி போன எடுத்துட்டுப் போய் அம்மாவ அந்த மாதிரி சொல்லச் சொல்லி ரெக்கார்ட் பண்ணினேன், ல்ல மட்டும் 52 பிரேம் வந்துச்சு. மேல் எல்லைய எடுத்திட்டேன், கீழ் எல்லை மட்டும் இருக்கு.